|x² − 2x − 3| = 3x − 3: நாலு மூலத்தில் எது தீர்வு, எது போலி?

இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டுச் சமன்பாடு புதிதல்ல. |x − 2| = 5 என்று கொடுத்தால், x − 2 = 5 அல்லது x − 2 = −5 என்று எழுதி, 7 உம் −3 உம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். மட்டுக்குள் இருபடிக் கோவை வந்து, வலக்கைப் பக்கத்திலும் x வந்துவிட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. இரண்டு வகையாகப் பிரித்தால் இரண்டு இருபடிச் சமன்பாடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூலங்கள், ஆக மொத்தம் நாலு எண்கள் கொப்பியில் நிற்கும். அந்த நாலில் எதை வைத்திருப்பது, எதை வெட்டுவது, வெட்டினால் என்ன காரணம் எழுதுவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் விடயம்.

வலக்கைப் பக்கத்தில் வெறும் நேர் எண் மட்டும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. |x² − 2x − 3| = 5 என்பதை எடுங்கள். x² − 2x − 3 = 5 என்றால் x² − 2x − 8 = 0; இதிலிருந்து x = 4, x = −2. x² − 2x − 3 = −5 என்றால் x² − 2x + 2 = 0; இதற்கு மெய் மூலம் இல்லை. கிடைத்த 4, −2 இரண்டும் தீர்வுகளே. 5 எப்போதும் நேர் எண் என்பதால் இங்கே போலி மூலம் நுழைய வழியில்லை. 5 இருந்த இடத்தில் 3x − 3 வந்தால், அது சில x பெறுமானங்களுக்கு நேராகவும் சிலவற்றுக்கு மறையாகவும் இருக்கும். போலி மூலம் நுழைவது அந்த வழியாகத்தான். ஆகவே நாங்கள் எடுத்துச் செய்யப் போகிற கணக்கு இது:

|x² − 2x − 3| = 3x − 3

இந்த ஒரே இடக்கைப் பக்கத்தையே கடைசிவரை வைத்துக்கொண்டு, வலக்கைப் பக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் கோவை புதிதாக மாறினால், எது மட்டால் வந்த சிக்கல், எது காரணிப்படுத்தலால் வந்த சிக்கல் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

முதலில் கோவையின் குறியைப் பாருங்கள்

மட்டை எடுப்பதற்கு முன், உள்ளே இருக்கும் கோவை எங்கே நேர், எங்கே மறை என்று தெரிந்திருக்க வேண்டும். x² − 2x − 3 = (x + 1)(x − 3). இது பூச்சியமாகும் இடங்கள் −1 உம் 3 உம். x² இன் குணகம் நேர் என்பதால் பரவளைவு மேல்நோக்கித் திறந்திருக்கும். ஆகவே இரண்டு மூலங்களுக்கும் வெளியே கோவை நேர், நடுவிலே மறை.

இதை இப்படி எழுதி வையுங்கள்:

x ≤ −1 அல்லது x ≥ 3 எனின், |x² − 2x − 3| = x² − 2x − 3

−1 < x < 3 எனின், |x² − 2x − 3| = −(x² − 2x − 3)

இந்த இடத்தில் ஒரு பிழை அடிக்கடி வரும். |x| ஐ x ≥ 0, x < 0 என்று பிரித்துப் பழகிய கையால், இந்தக் கணக்கையும் x ≥ 0, x < 0 என்றே பிரித்துவிடுவார்கள். மட்டு பார்ப்பது x இன் குறியை அல்ல, உள்ளே இருக்கிற முழுக் கோவையின் குறியை. x = 2 நேர் எண்தான்; ஆனால் அங்கே கோவையின் பெறுமானம் 4 − 4 − 3 = −3. x = −2 மறை எண்; அங்கே கோவை 4 + 4 − 3 = 5. x இன் குறிக்கும் கோவையின் குறிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

எந்தப் பகுதியில் எந்தக் குறி என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நடுப்பகுதிக்கு 0 வசதியானது. அங்கே கோவை −3, எனவே மறை. அரை நிமிட வேலை.

இரண்டு வகைகள்

வகை 1: x ≤ −1 அல்லது x ≥ 3

x² − 2x − 3 = 3x − 3
x² − 5x = 0
x(x − 5) = 0
x = 0 அல்லது x = 5

வகை 2: −1 < x < 3

−(x² − 2x − 3) = 3x − 3
−x² + 2x + 3 = 3x − 3
x² + x − 6 = 0
(x + 3)(x − 2) = 0
x = −3 அல்லது x = 2

வகை 2 இல் அடைப்புக்குறியைக் கட்டாயம் எழுதச் சொல்வேன். அது இல்லாமல் −x² − 2x − 3 என்று எழுதிவிட்டால் முதல் உறுப்பின் குறி மட்டும்தான் மாறியிருக்கும். அதனால் வரும் சேதம் சிறியதல்ல. அதைக் கொஞ்சம் கழித்துக் காட்டுகிறேன்.

இப்போது கையில் இருப்பவை 0, 5, −3, 2. கோண்டாவிலில் இருந்து வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி இந்தக் கட்டத்தில் கொப்பியைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்: "சேர், நாலும் வந்திட்டுது. நாலையும் எழுதட்டோ?"

"பொறுங்கோ பிள்ளை. −3 ஐப் போட்டால் வலக்கைப் பக்கம் என்ன வருது?"

"மறை ஒன்பது... சய மூண்டு... மறை பன்னிரண்டு."

"இடக்கைப் பக்கம்?"

"ஒன்பது சக ஆறு சய மூண்டு, பன்னிரண்டு." கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மட்டு எப்பிடி சேர் மறை பன்னிரண்டு ஆகும்?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. மட்டு ஒருபோதும் மறை எண் ஆகாது. ஆகவே −3 தீர்வாக இருக்கவே முடியாது. பிரச்சினை என்னவென்றால், −3 ஐக் கண்டுபிடித்த வரிகளில் ஒரு பிழையும் இல்லை. காரணிப்படுத்தல் சரி, சுருக்கல் சரி. அப்படியிருந்தும் போலி வந்தது எப்படி?

போலி மூலம் எங்கிருந்து வருகிறது

வகை 2 இன் தலைப்பில் −1 < x < 3 என்று எழுதினோம். அடுத்த வரியிலேயே சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கியதும் அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிட்டோம். x² + x − 6 = 0 என்ற சமன்பாட்டுக்கு −1 < x < 3 என்ற நிபந்தனை தெரியாது. அது தன் இரண்டு மூலங்களையும் எங்கே இருந்தாலும் கொண்டுவந்து தரும். அதில் ஆயிடைக்குள் விழுவது எது, வெளியே விழுவது எது என்று பார்க்கும் வேலை எங்களுடையது.

அப்படிப் பார்ப்போம்.

வகை 1 க்கு x ≤ −1 அல்லது x ≥ 3 வேண்டும். 0 இதில் இல்லை, நிராகரிக்கிறோம். 5 இருக்கிறது, ஏற்கிறோம்.

வகை 2 க்கு −1 < x < 3 வேண்டும். −3 இல்லை, நிராகரிக்கிறோம். 2 இருக்கிறது, ஏற்கிறோம்.

இனிப் பிரதியிட்டும் பார்க்கலாம்.

x = 5: இடக்கை |25 − 10 − 3| = 12, வலக்கை 15 − 3 = 12. சரி.
x = 2: இடக்கை |4 − 4 − 3| = 3, வலக்கை 6 − 3 = 3. சரி.
x = 0: இடக்கை |−3| = 3, வலக்கை −3. பிழை.
x = −3: இடக்கை |9 + 6 − 3| = 12, வலக்கை −12. பிழை.

தீர்வுகள் x = 2, x = 5.

கடைசி இரண்டு வரிகளையும் இன்னொருமுறை பாருங்கள். போலி மூலங்கள் எப்படியோ பிழைத்த எண்கள் அல்ல. 3 க்கு எதிரே −3, 12 க்கு எதிரே −12. அளவு அச்சொட்டாகப் பொருந்துகிறது, குறி மட்டும் மாறியிருக்கிறது. இது தற்செயல் அல்ல. 0 உம் −3 உம் உண்மையில் |x² − 2x − 3| = −(3x − 3) என்ற வேறொரு சமன்பாட்டின் தீர்வுகள். அந்தச் சமன்பாட்டை நீங்கள் இரண்டு வகையாகப் பிரித்தாலும் இதே நாலு எண்கள்தான் வரும். அங்கே 0, −3 தீர்வாகும். 2, 5 போலியாகும்.

சில பிள்ளைகள் வகை பிரிக்காமல் இரு பக்கத்தையும் வர்க்கித்துச் செய்வார்கள். (x² − 2x − 3)² = (3x − 3)² என்று எழுதி, வர்க்கங்களின் வித்தியாசமாகக் காரணிப்படுத்தினால் (x² − 5x)(x² + x − 6) = 0 வரும். அதே நாலு மூலம். வர்க்கித்தால் குறி அழிந்துபோகும் என்பதால் போலியும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே எந்த வழியில் போனாலும் சோதிக்காமல் தப்ப முடியாது.

வலக்கைப் பக்கத்தைப் பார்த்தாலே போதும்

போலி மூலத்தில் குறி மட்டும்தான் மாறுகிறது என்றால், சோதனையையும் சுருக்கிக்கொள்ளலாம். கோவையை f என்றும் வலக்கைப் பக்கத்தை g என்றும் வைத்துக்கொள்வோம்.

வகை 1 இல் கிடைக்கும் ஒவ்வொரு மூலத்துக்கும் f = g. எங்களுக்கு வேண்டியது f ≥ 0. f உம் g உம் அங்கே ஒரே எண் என்பதால், g ≥ 0 என்று பார்த்தால் அதுவே f ≥ 0 என்று பார்த்ததாகும்.

வகை 2 இல் கிடைக்கும் ஒவ்வொரு மூலத்துக்கும் f = −g. வேண்டியது f < 0. அதாவது −g < 0, அதாவது g > 0. g = 0 ஆகும் மூலம் ஏதும் வந்தால் அங்கே f உம் 0 தான்; அது வகை 1 இலும் வந்து நிற்கும், அங்கேயே ஏற்கப்பட்டுவிடும்.

ஆக, இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரே நிபந்தனை: g ≥ 0. எங்கள் கணக்கில் 3x − 3 ≥ 0, அதாவது x ≥ 1. நாலு மூலங்களையும் இதோடு ஒப்பிடுங்கள். 5 சரி, 2 சரி, 0 இல்லை, −3 இல்லை. இருபடியின் ஆயிடைகளோடு மல்லுக்கட்டாமல், ஒருபடிச் சமனிலி ஒன்றோடு வேலை முடிந்துவிட்டது.

விடைத்தாளில் இதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது: "இடக்கைப் பக்கம் மட்டு ஆதலால் 3x − 3 ≥ 0, ஆகவே x ≥ 1." அதன்பின் ஒவ்வொரு மூலத்துக்கும் அருகே "x ≥ 1 ஆதலால் ஏற்கப்படும்", "x < 1 ஆதலால் நிராகரிக்கப்படும்" என்று குறியுங்கள். வெறுமனே ஒரு கோடு கீறி 0 ஐ வெட்டிவிட்டால், திருத்துகிறவருக்கு அது காரணத்தோடு நிராகரித்ததா, பிழையென்று அழித்ததா என்று தெரியாது.

கையால் கணிக்கச் சங்கடமான மூலங்கள்

மேலே சொன்ன சுருக்கத்தின் அருமை, மூலங்கள் முழு எண்களாக இல்லாதபோதுதான் தெரியும். வலக்கைப் பக்கத்தை x − 1 என்று மாற்றுவோம்.

|x² − 2x − 3| = x − 1

முதல் நிபந்தனை: x ≥ 1.

வகை 1: x² − 2x − 3 = x − 1, அதாவது x² − 3x − 2 = 0. x = (3 ± √17)/2.

வகை 2: x² − 2x − 3 = −(x − 1), அதாவது x² − x − 4 = 0. x = (1 ± √17)/2.

இந்த நாலையும் மூலச் சமன்பாட்டில் பிரதியிட வெளிக்கிட்டால், வர்க்கம் எடுப்பதும் சுருக்குவதுமாக அரைப்பக்கம் போய்விடும். x ≥ 1 என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். 17 என்பது 16 க்கும் 25 க்கும் இடையில். ஆகவே √17 என்பது 4 க்கும் 5 க்கும் இடையில். (3 − √17)/2 இன் தொகுதி மறை, ஆகவே எண்ணும் மறை, நிராகரிக்கிறோம். (1 − √17)/2 உம் அப்படியே. (3 + √17)/2 என்பது 3.5 ஐ விடப் பெரிது, ஏற்கிறோம். (1 + √17)/2 என்பது 2.5 ஐ விடப் பெரிது, ஏற்கிறோம். கணிப்பானே தேவைப்படவில்லை.

தீர்வுகள் x = (1 + √17)/2, x = (3 + √17)/2.

ஆனால் ஓர் எச்சரிக்கை. g ≥ 0 என்ற சோதனை போலி மூலத்தை மட்டும்தான் பிடிக்கும். கணிதச் செய்கையில் விட்ட பிழையைப் பிடிக்காது. அந்தச் சோதனை f = g அல்லது f = −g என்பது உண்மையிலேயே நிறைவேறியிருக்கிறது என்று நம்பித்தான் நிற்கிறது. வகை 1 இல் −1 ஐ மறுபக்கம் கொண்டுவரும்போது குறியை மாற்ற மறந்து, −3 − 1 = −4 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். x² − 3x − 4 = 0 ஆகிவிடும். மூலங்கள் 4, −1. அழகாகக் காரணிப்படுகிறது, மனதுக்கும் திருப்தியாக இருக்கிறது. 4 என்பது 1 ஐ விடப் பெரிது, சோதனையிலும் தேறிவிடுகிறது. மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: |16 − 8 − 3| = 5, வலக்கைப் பக்கம் 3.

அதனால் மூலம் முழு எண்ணாக இருந்தால் மூலச் சமன்பாட்டிலேயே பிரதியிடுங்கள். அது இரண்டு வகைப் பிழையையும் பிடிக்கும். வர்க்கமூலத்தோடு வந்தால் g ≥ 0 ஐப் பார்த்துவிட்டு, அண்ணளவாக ஒருமுறை கணித்தும் பாருங்கள். √17 ஏறத்தாழ 4.12. (3 + √17)/2 ஏறத்தாழ 3.56. அதன் வர்க்கம் ஏறத்தாழ 12.67; 12.67 − 7.12 − 3 = 2.55. வலக்கைப் பக்கம் 2.56. இரண்டாம் தசமதானத்தில் ஒன்று வித்தியாசப்படுவது கிட்டமுட்ட எடுத்ததால் வருவது, அதற்குக் கவலைப்பட வேண்டாம். 5 உம் 3 உம் போல விலகி நின்றால்தான் திரும்பிப் போய்த் தேட வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பிரதியிடும்போது x² = 3x + 2 என்று உங்கள் கடைசிச் சமன்பாட்டையே பயன்படுத்திச் சுருக்காதீர்கள். அப்படிச் செய்தால் f = 3x + 2 − 2x − 3 = x − 1 என்று அழகாக வரும்; ஆனால் நீங்கள் செய்தது உங்கள் வரிகளைப் பின்னோக்கி நடந்ததுதான். கடைசிச் சமன்பாடு சரியாக இருந்தால் அது கட்டாயம் அப்படித்தான் வரும். மூலத்தின் பெறுமானத்தைத் தீர்க்கும்போது பிழை விட்டிருந்தால், இந்த வழி அதைக் காட்டித் தராது.

சோதனையால் மீட்க முடியாதது

வகை 2 இன் அடைப்புக்குறிப் பிழைக்குத் திரும்புவோம். முதற் கணக்கில் ஒருவர் −x² − 2x − 3 = 3x − 3 என்று எழுதிவிட்டார். சுருக்கினால் x² + 5x = 0; மூலங்கள் 0, −5. இரண்டும் x ≥ 1 ஐ நிறைவேற்றவில்லை. அவர் ஒழுங்காகச் சோதித்து, ஒழுங்காக இரண்டையும் நிராகரித்து, வகை 1 இல் வந்த x = 5 ஐ மட்டும் விடையாக எழுதுகிறார். 5 ஐப் பிரதியிட்டால் சரியாகவும் வருகிறது. எல்லாம் ஒழுங்கு, 2 மட்டும் காணாமல் போயிற்று.

பிரதியிட்டுச் சோதிப்பது உள்ளே வந்த போலியை வெளியேற்றும். வராமல் விட்ட தீர்வை அது கூட்டிக்கொண்டு வராது. அதற்கு வரைபு வேண்டும். பெரிதாகக் கீறத் தேவையில்லை, விடைத்தாளின் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்குக் கீறினால் போதும்.

y = x² − 2x − 3 என்ற பரவளைவு x அச்சை −1 இலும் 3 இலும் வெட்டும். இழிவுப் புள்ளி (1, −4). மட்டு போட்டதும் அச்சுக்குக் கீழே இருக்கும் பகுதி மேலே மடிந்துவிடும். (1, −4) போய் (1, 4) ஆகும். −1 இலும் 3 இலும் வரைபு அச்சைக் கூராகத் தொட்டுத் திரும்பும். இப்போது y = 3x − 3 என்ற நேர்கோட்டைக் கீறுங்கள். அது (1, 0) ஊடாக, கொஞ்சம் செங்குத்தாக ஏறும்.

x = 1 இல் வளையி 4 இல் நிற்கிறது, கோடு 0 இல். x = 3 இல் வளையி 0 க்கு இறங்கிவிட்டது, கோடு 6 க்கு ஏறிவிட்டது. இடையில் எங்கேயோ இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும். ஆகவே 1 க்கும் 3 க்கும் நடுவில் ஒரு தீர்வு கட்டாயம் இருக்கிறது. உங்கள் விடையில் அது இல்லையென்றால் வகை 2 இல் ஏதோ பிழை. 3 க்கு அப்பால் வளையி மறுபடி ஏறுகிறது. x = 6 இல் வளையி 21, கோடு 15. 3 இல் கோடு மேலே, 6 இல் வளையி மேலே; ஆகவே அங்கேயும் ஒரு சந்திப்பு. x < 1 பகுதியில் கோடு அச்சுக்குக் கீழே போய்விட்டது, மட்டு அங்கே வராது. மொத்தம் இரண்டு தீர்வுகள், ஒன்று 3 க்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். எண்கள் தெரியாமலேயே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

இந்த வரைபில் ஒரு வடிவான விடயம் உண்டு. தீர்வு 5 உம் போலி −3 உம் x = 1 இலிருந்து நாலு நாலு அலகு தூரத்தில் நிற்கின்றன. தீர்வு 2 உம் போலி 0 உம் ஒவ்வோர் அலகு தூரத்தில். பரவளைவு x = 1 பற்றிச் சமச்சீரானது; நேர்கோடும் அச்சை அதே x = 1 இல்தான் வெட்டுகிறது. ஆகவே ஒரு பக்கம் g நேராக இருக்கும் இடத்துக்கு எதிரே மறுபக்கம் அதே அளவில் மறையாக இருக்கும். x − 1 கணக்கிலும் இப்படித்தான்: (3 + √17)/2 க்கு எதிரே (1 − √17)/2. கோடு வேறு இடத்தில் வெட்டினால் இந்தச் சமச்சீர் இருக்காது, எனவே இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லையிலேயே விழும் மூலம்

இனி வலக்கைப் பக்கத்தை x + 1 ஆக்குவோம். இந்தக் கணக்கில்தான் நன்றாகச் செய்கிற பிள்ளைகளும் ஒரு தீர்வைத் தவறவிடுவார்கள்.

|x² − 2x − 3| = x + 1

நிபந்தனை: x ≥ −1.

வகை 1: x² − 2x − 3 = x + 1, அதாவது x² − 3x − 4 = 0. x = 4, x = −1.

வகை 2: x² − 2x − 3 = −x − 1, அதாவது x² − x − 2 = 0. x = 2, x = −1.

−1 இரண்டு வகையிலும் வந்திருக்கிறது. அது x ≥ −1 ஐ நிறைவேற்றுகிறது. பிரதியிட்டால் |1 + 2 − 3| = 0, வலக்கைப் பக்கமும் 0. ஆகவே அது தீர்வுதான். தீர்வுகள் −1, 2, 4. மூன்று.

இது தவறிப்போவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, வகைகளை x < −1 அல்லது x > 3 என்றும், −1 < x < 3 என்றும் எழுதுவது. சமன் குறி இரண்டு இடத்திலும் விடுபட்டுவிட்டது. வகை 1 இல் −1 ஆயிடைக்கு வெளியே என்று வெட்டுவார்கள். வகை 2 இலும் அதே காரணத்துக்காக வெட்டுவார்கள். எல்லைப் புள்ளிக்குச் சொந்தமாக ஒரு வகையும் இல்லாமல் போய்விடும். சமன் குறியை எந்த வகையில் வைக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம், ஏனெனில் அந்தப் புள்ளியில் f = 0, −0 உம் 0 தான். ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வகை 2 இல் −1 ஐ நிராகரித்த பிறகு, "நிராகரித்த எண்ணை எப்படி விடையில் எழுதுவது" என்று தயங்கவும் வேண்டாம். வகை 2 இன் வழியாக அது வரவில்லை என்பதுதான் அந்த நிராகரிப்பின் பொருள். வகை 1 இன் வழியாக வந்துவிட்டது.

இரண்டாவது வழி இன்னும் கவர்ச்சியானது. இடக்கைப் பக்கம் |x + 1||x − 3|. வலக்கைப் பக்கம் x + 1. x ≥ −1 என்பதால் |x + 1| = x + 1. ஆகவே (x + 1)|x − 3| = x + 1. இதுவரை முழுக்கச் சரி. இதன்பின் இரு பக்கத்தையும் x + 1 ஆல் வகுத்து |x − 3| = 1 என்று எழுதி, x = 4, x = 2 என்று முடித்துவிடுவார்கள். வகுத்த அந்த ஒரு வரியில் −1 போய்விட்டது, ஏனெனில் x = −1 ஆகும்போது பூச்சியத்தால் வகுக்கிறோம். வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து (x + 1)(|x − 3| − 1) = 0 என்று எழுதினால் மூன்று தீர்வும் தானாக வரும். இப்படிச் செய்தால் வகை பிரித்ததை விட வேகமாகவும் முடியும். பொதுக் காரணி கண்ணில் பட்டால் இந்த வழியையே நான் விரும்புவேன்.

நாலும் போலியாக வரும்போது

கடைசியாக ஒரு கணக்கு.

|x² − 2x − 3| = −x − 2

நிபந்தனை: −x − 2 ≥ 0, அதாவது x ≤ −2. இங்கே சமனிலியின் திசை மாறுவதைக் கவனியுங்கள்.

வகை 1: x² − 2x − 3 = −x − 2, அதாவது x² − x − 1 = 0. x = (1 ± √5)/2. ஏறத்தாழ 1.62, −0.62.

வகை 2: x² − 2x − 3 = x + 2, அதாவது x² − 3x − 5 = 0. x = (3 ± √29)/2. ஏறத்தாழ 4.19, −1.19.

நாலில் ஒன்றும் −2 ஐ விடச் சிறிதல்ல. நாலும் போலி. மெய்த் தீர்வு இல்லை.

இந்த விடையை எழுதப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இவ்வளவு செய்து ஒன்றும் மிஞ்சவில்லையே, எங்கேயோ பிழை விட்டிருப்போம் என்று அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். அழிப்பதற்கு முன் வரைபைப் பாருங்கள். x = −2 இல் வளையி 5 இல் நிற்கிறது, கோடு 0 இல். அங்கிருந்து இடப்பக்கம் போகப் போக இரண்டும் ஏறுகின்றன. ஆனால் கோடு ஓர் அலகுக்கு ஓர் அலகாக ஏற, வளையி அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது. x = −3 இல் 12 க்கு எதிரே 1. x = −5 இல் 32 க்கு எதிரே 3. கோடு எட்டிப் பிடிக்கவே மாட்டாது. −2 க்கு வலப்பக்கம் கோடு அச்சுக்குக் கீழே. ஆகவே சந்திப்பு எங்கேயும் இல்லை, "தீர்வு இல்லை" என்பதே முழு விடை.

இன்னொரு வகைக் கோவையையும் தெரிந்து வைத்திருங்கள். |x² − 2x + 5| என்று வந்தால் உள்ளே இருப்பது (x − 1)² + 4. அது எப்போதும் நேர். அங்கே வகை 2 என்று ஒன்றே கிடையாது. மட்டுக் குறியை அப்படியே எடுத்துவிட்டுச் செய்யலாம்.

செய்து பார்க்க ஒரு கணக்கு: |x² − 4x + 1| = x − 1. இதில் கோவை முழு எண்களில் காரணிப்படாது. அது பூச்சியமாகும் இடங்கள் 2 ± √3. அந்த ஆயிடைகளோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, x ≥ 1 ஐ மட்டும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வகை 1 இல் (5 ± √17)/2 வரும், வகை 2 இல் 0 உம் 3 உம் வரும். (5 − √17)/2 ஐ ஏற்பதா விடுவதா என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும்: √17 என்பது 4 ஐ விடப் பெரிது, ஆகவே 5 − √17 என்பது 1 ஐ விடச் சிறிது, அதன் பாதி 0.5 ஐ விடச் சிறிது. எண் நேராக இருக்கிறது, ஆனாலும் 1 ஐ எட்டவில்லை, நிராகரிக்க வேண்டும். 0 உம் போய்விடும். மிஞ்சுவது x = 3 உம் x = (5 + √17)/2 உம்.